'ஸ்கின்' என்று எழுதிய கிரேயானும் பேண்ட் எய்டும்: யாருடைய தோலைப் பார்த்துச் செய்தார்கள்?

தாமரை_கோவை
மகள் இரண்டாம் வகுப்பு. அவளுடைய கிரேயான் பெட்டியில் ஒரு குச்சியில் 'ஸ்கின்' என்று அச்சிட்டிருக்கிறது. வெளிறிய ரோஸ். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த நிறம் கிடையாது, தெருவிலும் கிடையாது. மெடிக்கலில் வாங்கும் பேண்ட் எய்டும் ஏறக்குறைய அதே நிறம்தான். வெளிநாட்டில் இந்தப் பெயரை எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எப்போது, யார் சொல்லி எடுத்தார்கள்? முதலில் ஏன் அந்த ஒரு நிறத்துக்கு மட்டும் அந்தப் பெயர் வந்தது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராம்குமார்_82
இது அமெரிக்கக் கதை. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு கிரேயோலா கம்பெனி வேறு வழியில்லாமல் 'ஃபிளெஷ்' என்ற பெயரை 'பீச்' என்று மாற்றியது. பழுப்பு நிறக் கிரேயான், பழுப்பு நிற பேண்ட் எய்ட் எல்லாம் 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு வந்த விளம்பர அலை. அவ்வளவுதான் விஷயம்.

பழைய_பெட்டி
ராம்குமார், ஆளும் ஊரும் சரி, வரிசை மாறிவிட்டது. நான் பழைய எழுதுபொருள் பெட்டிகள் சேர்ப்பவன். இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பென்சில்வேனியாவின் ஈஸ்டனில் இருந்த பின்னி அண்ட் ஸ்மித் கம்பெனி 1903-ல் கிரேயோலாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆரம்பத்திலிருந்தே 'ஃபிளெஷ் டின்ட்' என்று ஒரு நிறம் உண்டு. இந்தப் பெயரை அவர்கள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஐரோப்பிய ஓவியர்கள் வாங்கும் எண்ணெய் வண்ணக் குழாய்களில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தது. வெள்ளை மாடலை உட்கார வைத்து உருவப்படம் வரைபவருக்கு வெள்ளை, சிவப்பு, மஞ்சளைத் தட்டில் கலக்கும் வேலையை மிச்சப்படுத்த, முன்கூட்டியே கலந்து கொடுத்த நிறம் அது. ஸ்டுடியோவில் அது ஒரு வசதி. அதே பெயர் பள்ளிக்கூடப் பெட்டிக்குள் வந்தபோது, உடம்பின் நிறம் இதுதான் என்று குழந்தைக்குச் சொல்லும் பாடமாகிவிட்டது. அன்றைய அமெரிக்காவில் விற்பவருக்கும், மொத்தமாக வாங்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் அது உறுத்தவில்லை. அவர்கள் கையைப் பார்த்தால் பெயர் பொருந்தியது.

'ஃபிளெஷ்' 'பீச்' ஆனது 1962-ல். அதாவது நீங்கள் சொன்ன சட்டத்துக்கு இரண்டு வருடம் முன்பே. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. சிவில் உரிமை இயக்கம் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த நேரம், அதுவும் ஒரு காரணமாகத் தாங்களாகவே மாற்றியதாகத்தான் கம்பெனி சொல்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1962-ல் மாறியது குச்சியைச் சுற்றிய காகிதம் மட்டும்தான். மெழுகு அதே மெழுகு. கறுப்பினக் குழந்தைக்கு அந்த வருடம் புதிதாக எந்த நிறமும் கிடைக்கவில்லை. பெட்டியில் இருந்த பொதுவான பிரவுனைத்தான் அழுத்தியோ லேசாகவோ தேய்க்க வேண்டியிருந்தது.

பேனர்_குமரன்
ஐயா, ஸ்கின் கலர் எப்படிக் கலக்குவது என்றுதானே கேள்வி? நான் கோயில் சுவர், கட்அவுட் எல்லாம் வரைந்த ஆள், சொல்கிறேன். குழாயில் வரும் ஸ்கின் கலரைத் தொடாதீர்கள், மூஞ்சி பொம்மை மாதிரி ஆகிவிடும். யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, வெள்ளை, இந்த மூன்றில் பாதி மனிதர்கள் வந்துவிடுவார்கள். கறுத்த ஆளுக்கு வெள்ளையைக் குறைத்து பர்ன்ட் அம்பர் சேருங்கள். நிழலுக்குக் கறுப்பை ஊற்றாதீர்கள், தோல் சாம்பல் பூத்த மாதிரி செத்துப்போகும். அம்பரில் கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம் விட்டால் கறுப்புக்குள் உயிர் இருக்கும்.

தாமரை_கோவை
குமரன் அண்ணா, நான் கேட்டது அது இல்லை. ஆனாலும் இதைக் குறித்து வைத்துக்கொண்டேன். மகளிடம் ஸ்கின் குச்சியைக் கொடுத்து, அதன் மேல் பிரவுனைப் பூசச் சொல்லிப் பார்த்தேன். சேறு மாதிரி வந்தது. ஏன்?

பேனர்_குமரன்
கிரேயான் மெழுகு அம்மா. பெயிண்ட் மாதிரி ஒன்றோடொன்று கலக்காது. முதலில் பூசியது காகிதத்தை வழுவழுப்பாக்கிவிடும், மேலே பூசுவது பாதி பிடிக்கும், பாதி வழுக்கும். நடுவில் காகிதத்தின் வெள்ளை வேறு எட்டிப் பார்க்கும். அதனால் குச்சிக்குள்ளேயே சரியான நிறம் இருக்க வேண்டும்.

பழைய_பெட்டி
குமரன் சொன்னதில்தான் அடுத்த கட்டம் இருக்கிறது. கிரேயோலா 1992-ல் 'மல்டிகல்ச்சுரல்' என்று எட்டுக் குச்சிப் பெட்டி ஒன்று வெளியிட்டது. பெயரைக் கேட்டால் ஆராய்ச்சிக்கூடத்தில் புதிதாகச் செய்தது போல இருக்கும். உள்ளே பார்த்தால் ஏப்ரிகாட், பர்ன்ட் சியன்னா, மஹாகனி, பீச், செபியா, டேன், அதோடு கறுப்பும் வெள்ளையும். எல்லாமே பெரிய பெட்டியில் ஏற்கெனவே இருந்த நிறங்கள். அவற்றைப் பொறுக்கி ஒரே டப்பாவில் போட்டார்கள். கறுப்பும் வெள்ளையும் எதற்கு என்றால், தேவையான நிறத்தை நீங்களே கலந்துகொள்ளுங்கள் என்பதற்கு. மெழுகில் அது எப்படி வரும் என்பதைத் தாமரையின் மகள் செய்தே பார்த்துவிட்டாள்.

நான் இதைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கால ஆசிரியர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் மஹாகனி மரத்தின் நிறம், செபியா பழைய மையின் நிறம். தோலைப் பார்த்துச் செய்த குச்சி ஒன்றுகூட அதில் இல்லை.

தோலைப் பார்த்தே செய்தது 2020-ல். 'கலர்ஸ் ஆஃப் தி வேர்ல்ட்', 24 குச்சி. அதைச் செய்ய அவர்கள் கூட்டிவந்தது விக்டர் கசாலே என்பவரை. மேக் அழகுசாதன நிறுவனத்தில் தலைமை வேதியியலாளராக இருந்தவர். ஃபவுண்டேஷன் செய்பவருக்குத் தோல் என்பது கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று போகும் ஒற்றை ஏணி இல்லை. ஒரே அளவு கறுத்த இரண்டு பேரில் ஒருவருக்கு அடியில் மஞ்சள் ஓடும், இன்னொருவருக்குச் சிவப்பு ஓடும். அந்தக் கணக்கு அப்படியே கிரேயானுக்கு வந்தது. ஆல்மண்ட், கோல்டன், ரோஸ் என்று மூன்று சாயல், ஒவ்வொன்றிலும் வெளிறியதிலிருந்து ஆழ்ந்த நிறம் வரை படிகள். 'டீப் கோல்டன்' என்று படித்தால் எவ்வளவு கறுப்பு, அடியில் என்ன சாயல் என்று இரண்டும் தெரியும். பெயர் ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு மூன்றிலும் அச்சிட்டிருக்கும்.

தேதிக்கும் வருகிறேன். இதை அறிவித்தது 2020 மே 21. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டது மே 25. பல மாத வேலையை நான்கு நாள் முன்னதாக அலையில் ஏறிச் செய்ய முடியாது. பேண்ட் எய்ட் கதை வேறு. அங்கே ராம்குமார் சொல்வது ஏறக்குறைய சரி.

ராம்குமார்_82
சரி, தேதியில் நீங்கள் சொல்வதே இருக்கட்டும். ஆனால் கிரேயோலாவில் 'இந்தியன் ரெட்' என்றும் ஒன்று இருந்தது. செவ்விந்தியர் தோலைக் கிண்டல் செய்யும் பெயர் என்று அதையும் 1999-ல் எடுத்தார்கள். அதுவும் தானாகவா நடந்தது?

பழைய_பெட்டி
அந்தப் பெயர் நம் நாட்டிலிருந்து போனது. இந்தியாவில் கிடைத்த செம்மண் நிறமியின் பெயர் அது, இரும்பு ஆக்சைடு. ஓவியர்கள் காலங்காலமாகச் சொல்வது. ஆனால் அமெரிக்க வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு நிறமியின் வரலாறு எங்கே தெரியும்? அது அமெரிக்கப் பூர்வகுடிகளின் தோலைத்தான் குறிக்கிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள் என ஆசிரியர்கள் சொன்னார்கள். கம்பெனி பொதுமக்களிடம் புதுப்பெயர் கேட்டு 'செஸ்ட்நட்' என்று வைத்தது. 'ஃபிளெஷ்' போல நேரான குற்றச்சாட்டுக்கு இதில் இடமில்லை, ஆனாலும் மாற்றினார்கள். தேவையா இல்லையா என்று இன்றும் சேகரிப்பாளர்கள் சண்டை போடுவார்கள். எனக்கு அந்தப் பழைய பெயர் பிடிக்கும், ஒளிப்பானேன்.

மெடிக்கல்_சேகர்
கிரேயானை விடுங்கள், பேண்டேஜுக்கு வருகிறேன். நான் மருந்து மொத்த விற்பனையில் இருந்தவன். பழைய துணி பிளாஸ்திரியில் ஒட்டும் பசையே ரப்பரும் ஜிங்க் ஆக்சைடும்தான். ஜிங்க் ஆக்சைடு வெள்ளைப் பொடி, ரப்பர் மஞ்சள். இரண்டும் சேர்ந்தால் வெளிறிய சந்தன நிறம்தான் வரும். இதில் யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. சரக்கின் நிறமே அது.

பழைய_பெட்டி
சேகர் சார், பசைக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். மேலே தெரியும் பட்டைக்குப் பொருந்தாது. ஜான்சன் அண்ட் ஜான்சனில் வேலை பார்த்த ஏர்ல் டிக்சன், சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொள்ளும் மனைவிக்காக 1920-ல் ஒட்டுத்துணியில் பஞ்சு வைத்து ஆரம்பித்தது பேண்ட் எய்ட். அந்தத் தொடக்க காலத்துக்கு உங்கள் வாதம் சரி என்றே வைத்துக்கொள்வோம். 1950களில் பிளாஸ்டிக் பட்டை வந்துவிட்டது. பிளாஸ்டிக்குக்கு எந்த நிறம் வேண்டுமானாலும் ஏற்றலாம். குழந்தைகளுக்கென்று பளபளவென்று படம்போட்ட பட்டைகளை அதே காலத்தில் விற்றார்கள். அப்படியிருக்க, பெரியவர்களுக்கான பட்டைக்கு வெளிறிய ரோஸைத் தேர்ந்தெடுத்து, 'சதை நிறம், ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது' என்று விளம்பரமும் செய்தார்கள். யார் தோலில் தெரியாது? அங்கே நிறம் தானாக வந்ததில்லை, தேர்ந்தெடுத்தது.

மெடிக்கல்_சேகர்
விளம்பரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கடைக்காரன் பக்கமும் கேளுங்கள். பேண்டேஜ் சின்ன லாபச் சரக்கு. ஒரே நிறமென்றால் ஒரு டப்பா எடுத்துக் கவுண்டரில் வைத்தால் போதும். நான்கு நிறமென்றால் நான்கு டப்பா. அதில் ஒன்று வேகமாகப் போகும், மற்ற மூன்றும் தூசி படியும். பசைக்கு ஆயுள் உண்டு, நாள் ஆக ஆகக் காய்ந்து ஒட்டாமல் போகும். எக்ஸ்பைரி ஆன சரக்கைக் கம்பெனி திருப்பி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் புது நிறம் என்று வந்தாலே கடைக்காரன் கை கட்டிக்கொள்வான். கடையில் வைக்காததால் விற்காது, விற்காததால் கம்பெனி நிறுத்தும்.

பழைய_பெட்டி
இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். சார் சொன்னது அமெரிக்காவில் அச்சு அசலாக நடந்தது.

1998-ல் 'எபன்-எய்ட்' என்று ஒன்று வந்தது. கறுப்பினத்தவருக்காகவே செய்த பேண்டேஜ், வெவ்வேறு ஆழத்தில் சில பழுப்பு நிறங்கள். சரக்கில் பெரிய குறை இல்லை. கடைகளில் அதை எங்கே வைத்தார்கள் என்பதுதான் சிக்கல். முதலுதவிப் பொருள்கள் இருக்கும் வரிசையில் வைக்காமல், கறுப்பினத்தவர் தலைமுடிக்கான எண்ணெய், ஷாம்பு இருக்கும் தனி அலமாரியில் வைத்தார்கள். விரலை வெட்டிக்கொண்டு கடைக்கு ஓடி வருபவர் ஷாம்பு வரிசைக்கா போவார்? அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. 10 லட்சம் பெட்டி தயாரித்து, சுமார் 20,000 மட்டுமே விற்று, 2002-ல் கடையைச் சாத்தினார்கள்.

அப்புறம் 2005-ல் ஜான்சனே 'பர்ஃபெக்ட் பிளெண்ட்' என்று பல நிறங்களில் கொண்டுவந்தது. போதிய ஆர்வம் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். என் கருத்து: ஆர்வம் இல்லை என்று சொல்லும் முன் அது எத்தனை கடையில், எந்த உயரத் தட்டில் இருந்தது என்று கேட்க வேண்டும். விற்பனைக் கணக்கு தேவையை மட்டுமா அளக்கிறது? அலமாரியையும் சேர்த்துத்தான் அளக்கிறது.

இடைவெளியை நிரப்பியவர்கள் சிறு கம்பெனிகள். 2014-ல் 'ட்ரூ-கலர்' வந்தது. கறுப்பினக் குழந்தையைத் தத்தெடுத்த ஒரு வெள்ளைத் தந்தை, பையனின் நெற்றியில் ஒட்டிய பட்டை பளிச்சென்று தெரிந்ததைப் பார்த்து ஆரம்பித்தது. இணையத்தில் விற்றால் சேகர் சார் சொன்ன அலமாரித் தொல்லை பாதி குறைந்துவிடும். 2020 ஜூனில், போராட்டங்களுக்கு நடுவே, பேண்ட் எய்ட் மறுபடி பழுப்பு நிறங்களை அறிவித்தது. 2021-ல் 'அவர் டோன்' என்ற பெயரில் மூன்று நிறங்கள் வந்தன. நூறு வருடம் ஆயிற்றே என்று நன்றியை விடக் கோபமான பதில்கள்தான் அதிகம் வந்தன.

லெஸ்டர்_செவிலி
இங்கே இங்கிலாந்தில் அந்த அலைக்கு முன்பே நடந்தது. 2020 பிப்ரவரியில் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் லைட், மீடியம், டார்க் என்று மூன்று நிறத்தில் பிளாஸ்டர் கொண்டுவந்தது. இந்த ஊர் சூப்பர்மார்க்கெட்டுகளில் அதுதான் முதல். அதற்கு முந்தைய வருடம் ஒரு கறுப்பின அமெரிக்கர், 45 வயதில் முதல்முறையாகத் தன் தோல் நிறத்தில் பேண்டேஜ் ஒட்டிக்கொண்டதைப் படத்தோடு ட்விட்டரில் எழுதியிருந்தார். அந்தப் பதிவைப் பார்த்த ஊழியர் ஒருவர் எடுத்துச் சொல்லித்தான் வந்தது என்று கம்பெனியே சொன்னது. முக்கியமான விஷயம், அதை மற்ற பிளாஸ்டர்களோடு ஒரே தட்டில் வைத்தார்கள். எபன்-எய்ட் பற்றிப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. சொந்தச் சரக்கு, சொந்த அலமாரி, யாரையும் கெஞ்ச வேண்டாம்.

வார்டில் என் அனுபவம் ஒன்று. கையில் ஊசி போட்ட இடத்துக்கு யாரும் நிறம் பார்ப்பதில்லை. முகத்தில் மச்சம் எடுத்த பிறகு ஒட்டுகிறோமே, அப்போதுதான் கேட்பார்கள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், கன்னத்தில் வெள்ளைப் பட்டையோடு எப்படிப் போவது என்று. வெள்ளைக்கார நோயாளி இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதே இல்லை.

ராம்குமார்_82
அதற்குத்தான் டிரான்ஸ்பரண்ட் பட்டை இருக்கிறதே. எல்லோருக்கும் ஒரே சரக்கு, சேகர் சாருக்கும் தொல்லை இல்லை.

லெஸ்டர்_செவிலி
ஓரம்தான் கண்ணாடி போல இருக்கும். நடுவில் உள்ள பஞ்சு வெள்ளைதான், கறுத்த தோலில் சின்னச் சதுரமாகத் தெரியும். வேர்த்தால் ஓரம் வெளுத்து மடங்குவதும் உண்டு. குறைக்கலாம், தீர்க்காது. ஆனால் நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மூன்று நிறம் என்றாலும் நம் ஆட்கள் பலர் மீடியத்துக்கும் டார்க்குக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறோம்.

சியோல்_சிவா
கொரியாவில் இருக்கிறேன். இங்கே நடந்தது கிரேயோலா கதையை விடச் சுவாரஸ்யம். இங்கே கிரேயானில் 'சல்செக்' என்றுதான் போட்டிருந்தது, தோல் நிறம் என்று அர்த்தம். கம்பெனி வைத்த பெயராகவும் இல்லை, அரசின் தர நிர்ணயப் பட்டியலிலேயே இருந்தது. கானா போன்ற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் அவர்களோடு வேலை செய்த ஒரு பாதிரியாரும் 2001-ல் தேசிய மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். ஆணையம் 2002-ல் மாற்றச் சொன்னது. தர நிர்ணய அமைப்பு 'யோன்ஜுஹ்வாங்' என்று மாற்றியது, வெளிர் ஆரஞ்சு என்பதற்குச் சீன வேர்களிலிருந்து எடுத்த சொல்.

அதோடு முடியவில்லை. 2004-ல் சில பள்ளிக் குழந்தைகள் மறுபடி ஆணையத்துக்குப் போனார்கள். கிரேயான் எங்களுக்கானது, எங்களுக்குப் புரியாத கடினச் சொல்லை வைத்திருக்கிறீர்கள், இதுவும் பாகுபாடுதான் என்று. 2005-ல் 'சல்குசெக்' ஆனது, ஏப்ரிகாட் பழத்தின் நிறம். அரசுப் பட்டியலில் பெயர் இருந்ததால் ஒரே இடத்தில் தட்டினால் எல்லா கம்பெனியும் மாறியது. அமெரிக்காவில் அப்படி இல்லை, ஒவ்வொரு கம்பெனியாகத்தான் மாற வேண்டியிருந்தது. ஆனால் பெரியவர்கள் பேச்சில் பழைய பெயர் இன்னும் காதில் விழும்.

தாமரை_கோவை
நம் ஊரில் யாராவது கேட்டார்களா?

பழைய_பெட்டி
பெங்களூரில் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் 'ஸ்கின்' கிரேயான் பெயரை எதிர்த்து நுகர்வோர் மன்றம் வரை போனார், செய்தியாகவும் வந்தது. ஆனால் நம் கதையில் வேறொரு முடிச்சு இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பான்மையின் தோல் நிறத்தைப் பெயராக வைத்தார்கள், கறுப்பினத்தவர் வெளியே நின்றார்கள். இங்கே வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நிறம் இல்லை, ஆனாலும் அந்தப் பெயரோடு விற்றது. அதை 1903-ன் வெள்ளைக்காரப் பழக்கம் என்று மட்டும் சொல்லித் தள்ள முடியுமா என்று எனக்குச் சந்தேகம். லெக்கிங்ஸ் கடையில் போய் ஸ்கின் கலர் கேளுங்கள், என்ன எடுத்துக் காட்டுகிறார்கள் பாருங்கள்.

மெடிக்கல்_சேகர்
அதற்காகக் கடைக்காரனை அடிக்க வராதீர்கள். பழுப்பு நிறப் பட்டை வேண்டும் என்று என்னிடம் வாய் திறந்து கேட்ட வாடிக்கையாளர் இல்லை. கேட்டால் ஒரு டப்பா எடுத்து வைக்க யாருக்கும் மனத்தடை இருக்காது. யாரும் கேட்காமல் நானாக வைக்க மாட்டேன்.

லெஸ்டர்_செவிலி
இல்லாததை எப்படிக் கேட்பார்கள் சார்? டெஸ்கோவில் வரும் வரை நானும் கேட்டதில்லை.

பேனர்_குமரன்
தாமரை அம்மா, பாப்பாவுக்கு ஒரு வழி. மெழுகுக் கிரேயானுக்குப் பதில் ஆயில் பேஸ்டல் வாங்கிக் கொடுங்கள். அது மெதுவாக இருக்கும், விரலால் தேய்த்தால் ஒன்றோடொன்று கலக்கும். முதலில் ஆக்கர் மஞ்சள் லேசாக, அதன் மேல் பிரவுன், கன்னத்தில் மட்டும் துளி ஆரஞ்சு. ஸ்கின் குச்சியை வீட்டுச் சுவர் வரைய வைத்துக்கொள்ளட்டும், எங்கள் தெருவில் பாதி வீடு அந்த நிறம்தான். சட்டையில் பட்டால் போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள்.